ஊதாத் துணிக்குள் ஒரு புருவம்

1

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு வாக்கியமாகக் கிடைத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியின் நகக்கண்களில் நீலம் ஒட்டியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "பெயிண்ட் வேலைங்களா?" என்று கேட்டேன்.

"சுரூபத்துக்கு வர்ணம் போடுறேங்க. கோவில்ல மாதா, சூசையப்பர், அந்தோணியார், யாரு உரிஞ்சு போனாலும் நாந்தான்."

"முகம்தான் கஷ்டமா இருக்குமோ?"

"மூக்கு, வாயெல்லாம் அச்சுலயே வந்துருங்க. ஆள் வராது. ஆள் வர்ணத்துலதான் வரணும். சில நேரம் நாம கூப்பிடாத ஆளும் வந்து நின்னுக்கிறாங்க."

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் அவர் இறங்கிப் போய்விட்டார். யார் வந்து நின்றார்கள் என்று சொல்லவில்லை. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன். இனி நீங்கள் படிக்கப்போவது எல்லாம் நானே இட்டுக்கட்டியது. அந்தப் பெண்மணியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. டெல்பின் என்று வைத்துக்கொண்டேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

[காவிரியின் மேல் மாலை வெயில் தங்கத் தகடாக…]

வேண்டாம். திருச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகக் காவிரிக்கு ஓடிவிடுகிறது. அடுத்து:

[மலைக்கோட்டையின் நிழலில் ஒரு கோவில், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிவாசல் அருகருகே…]

இது அதைவிட மோசம். மூன்று மதம், மூன்று பேர், கைகோத்த படம், கீழே ஒரு வாசகம். அரசாங்க நாள்காட்டிக்கு ஆகும், கதைக்கு ஆகாது. இந்தக் கதையில் கைகோப்பதைவிடச் சிக்கலான ஒன்று நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒருத்தி தன் சிநேகிதியை உயிருக்கு உயிராக நேசிக்க வேண்டும், அந்த நேசமே சிநேகிதியின் நம்பிக்கைக்கு எதிராகப் போய் நிற்க வேண்டும்.

சரி, இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

டெல்பின் குடியிருந்த காம்பவுண்டில் அடுத்த வீடு நசுருதீனுடையது. நடுவே ஒரே சுவர். நசுருதீனின் மனைவி ஜைத்தூன் மிளகாய் வறுத்தால் டெல்பின் தும்முவாள். டெல்பின் மகனைத் திட்டினால் ஜைத்தூன் சுவரைத் தட்டி, "போதும் விடு" என்பாள். இருபது வருஷம் அப்படி ஓடியது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் ஜைத்தூன் போய்விட்டாள்.

அவளுக்குப் போட்டோ கிடையாது. யாராவது செல்போனைத் தூக்கினால் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். யாரும் தடுத்ததில்லை, அவளுக்கே பிடிக்காது. மகள் அல்ஷிஃபாவின் நிக்காஹ் ஆல்பத்திலும் அவள் ஒரு முந்தானையாகத்தான் இருக்கிறாள்.

(ஆதார் அட்டை இருக்குமே என்று கேட்கப்போகிறீர்கள். இருக்கிறது. ஆதார் அட்டையைப் பார்த்து நீங்கள் யாரையாவது அடையாளம் கண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.)

நசுருதீனுக்கு அதில் வருத்தமில்லை. அவர் எழுத்துக்காரர். வயிற்றுப்பாட்டுக்குக் கடைப்பலகை எழுதுவார், மனசுக்கு அரபி எழுதுவார். ஆற்றோரத்து நாணலை அறுத்துக் காயவைத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, நடுவில் ஒரு கீறல் விட்டால் அது கலம் என்னும் பேனா. மைக்கூட்டுக்குள் கொஞ்சம் பட்டு நூலைப் போட்டு வைப்பார், கலம் அளவுக்கு மேல் மை குடிக்காமல் இருக்க. தாளுக்கு முட்டை வெள்ளையும் படிகாரமும் கலந்து பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்ப்பார். அந்தத் தாளில் மை உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். தப்பு வந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம்.

அளவு எல்லாம் புள்ளியில்தான். கலத்தின் நுனியைத் தாளில் வைத்து இழுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அவர் எழுதும் ஸுலுஸ் என்ற எழுத்து வகையில் முதல் எழுத்தான அலிஃப், நேராக நிற்கும் ஒரே கோடு, ஏழு புள்ளி உயரம். மற்ற எழுத்துகளும் அந்தக் கணக்குக்கு அடங்கித்தான் நிற்க வேண்டும். இறைவன் பெயர் விழுந்த தாள் கெட்டுப்போனாலும் குப்பைக்குப் போகாது. ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்து, கால் படாத இடமாகப் பார்த்துப் புதைத்துவிடுவார்.

உருவம் வேண்டாம் என்பது அவருக்கு ஒரு தடை அல்ல. எதையும் போல இல்லாத ஒருவனை எதைப் போல வரைவது? அதனால் அவன் சொல்லை அழகாக எழுதுகிறார். நான் அவரை இவ்வளவு நல்லவராக எழுதுவது எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. காபியில் சர்க்கரை குறைந்தால் எரிந்து விழுவார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

4

அல்ஷிஃபா தலைப்பிரசவத்துக்கு அத்தா நசுருதீன் வீட்டுக்கு வந்திருந்தாள். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் டெல்பின் கைபேசியை வீட்டில் மறந்துவிட்டுக் கோவில் வேலைக்குப் போக, அதைக் கொடுக்க அல்ஷிஃபா மெல்ல நடந்து வந்தாள். சின்ன வயதில் விளையாடிய இடம்தான். படியேறி வந்தவள் மாதா சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள், கைபேசியை நீட்டியபடியே நின்றாள்.

"அத்தை, இது எங்கம்மா."

டெல்பின் சிரித்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

ஜைத்தூன் அடக்கமான அடுத்த மாதம் அந்தச் சுரூபத்துக்கு அவள்தான் புது வர்ணம் போட்டாள். உரிந்ததைச் சுரண்டி, விரிசலுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து, அதன் மேல் மேனி நிறம்: வெள்ளையில் மஞ்சள் காவி, துளி சிவப்பு, அதைவிடத் துளி பழுப்பு. கடைசியாகப் புருவமும் கண்ணும். கண் எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். அன்றைக்கு அழுதுகொண்டே வேலை பார்த்தது ஞாபகம் இருந்தது. யாரை எழுதினோம் என்பது ஞாபகம் இல்லை.

(முகத்தை வர்ணிக்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் தருகிறேன்: இடது புருவம் வலதைவிட ஒரு மயிரிழை மேலே ஏறி இருந்தது. 'வா, என்ன சேதி?' என்று கேட்பதற்கு ஒரு நொடி முந்தைய முகம். கோவிலுக்கு வருகிற எல்லோரும் மாதா இப்போதெல்லாம் ரொம்ப நெருக்கமாக இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.)

அல்ஷிஃபா வயிற்றில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "எனக்கு அம்மா மொகம் மறந்துக்கிட்டே வருது அத்தை. ராத்திரியில நெனச்சுப் பாத்தா மூக்குத்திதான் வருது. என் பிள்ளைக்கு நான் எதைக் காட்டுவேன்? இதைத் தொட்றாதீங்க."

தொட வேண்டிய வேலை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. மெழுகுவத்திப் புகையில் மாதாவின் கன்னம் கறுத்திருந்தது. பங்குத்தந்தை ஆஸ்டின் சாமி முதல் வாரமே சொல்லியிருந்தார்: தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறன்று சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்துவோம், ஈஸ்டருக்கு முந்தின இரவு பாஸ்காத் திருவிழிப்பில் எடுப்போம், அதற்குள் துணிக்குள்ளேயே முகத்தைப் புதுசு பண்ணிவிடுங்கள்.

கண்ணுக்கும் உண்ணாவிரதம் வேண்டும் என்பதுதான் அந்தத் துணியின் பொருள்.

5

டெல்பின் அதை நசுருதீனிடம் சொல்ல வேண்டுமா? முதல் பிரதியில் சொல்லவில்லை. [டெல்பின் அந்த ரகசியத்தை நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு…] என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் பூட்டுகிற ஆள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் மறைத்துவிட்டு இந்தப் பக்கம் அவளால் தூங்க முடியாது.

ரம்ஜான் பெருநாள் முடிந்த கையோடு போய்ச் சொன்னாள். நசுருதீன் கலம் சீவிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"ஜனங்க அது முன்னாடி மண்டி போடுறாங்களா?"

"போடுவாங்கண்ணே. மாதாகிட்ட எங்களுக்காக வேண்டிக்கச் சொல்லிக் கேப்பாங்க. ஆராதனை ஆண்டவருக்கு மட்டுந்தான். ஆனாலும் மண்டி போடுவாங்க."

"அஞ்சு வேளையும் அவ நெத்தி தரையில பட்டுச்சு தங்கச்சி. இன்னொருத்தர் நெத்தி அவ முன்னாடி தரையில படக்கூடாது. நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும். மாத்திடுங்க."

"சரிண்ணே."

"மாத்துறதுக்கு முன்னாடி…" என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

உள்ளே இருந்து அல்ஷிஃபா வந்தாள். "உங்களுக்கு எழுத்து இருக்கு அத்தா. எனக்கு என்ன இருக்கு?" என்றாள். பெற்றவரிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

6

இந்த இடத்தில் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நடை போய் வர வேண்டியிருக்கிறது. நாள்காட்டியைக் கிண்டல் செய்துவிட்டு இப்போது நானே மூன்றாவது ஆளைக் கூட்டி வருகிறேன், என்ன செய்ய? டெல்பினுக்கு மாதாவின் கிரீடத்துக்குத் தங்க ரேக்கு வேண்டும். நல்ல ரேக்கு வகுளாவிடம்தான் கிடைக்கும். வகுளா உத்தர வீதியில் தஞ்சாவூர்ப் படம் செய்கிறவள். இருவருக்கும் பழக்கம் ரேக்கில் ஆரம்பித்து மூட்டுவலி வரைக்கும் வளர்ந்திருந்தது.

டெல்பின் எல்லாவற்றையும் சொன்னாள். வகுளா யோசனை எதுவும் சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

"உங்க மாதா மாதிரி எங்க பெரிய பெருமாளும் சுண்ணாம்புச் சுதைதான் தெரியுமோ? அவருக்கு ஜலத்துல திருமஞ்சனம் கிடையாது. ஆனியில தைலக்காப்பு. அது ஆனதும் திருமேனியை மூடிடுவா. திருமுகம் மட்டுந்தான் சேவிக்கலாம், திருவடி கொஞ்ச நாளைக்குக் கிடையாது. அப்போ போய் நின்னா என்ன பண்றேன் சொல்லு? தெரியற முகத்தை விட்டுட்டு, தெரியாத திருவடியையே நெனச்சுண்டு நிக்கறேன். வெளில வந்தப்புறம் 'அடடா, முகத்தைச் சரியா சேவிக்கலையே'ன்னு அடிச்சுக்கறது."

"அப்ப மூடினாத்தான் நல்லதுன்றியா?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? எனக்கு ரெண்டும் வேணும். திறந்தாலும் ஆசை, மூடினாலும் ஆசை. இந்தா, ரேக்கு. ஃபேனை நிறுத்திட்டு ஒட்டு, போன தடவை பறக்க விட்டே."

பஸ்ஸில் திரும்பும்போது டெல்பின் ஜைத்தூனின் காலை நினைத்துப் பார்த்தாள். மெட்டி இல்லாத, வெடிப்பு விழுந்த கால். அது பளிச்சென்று வந்தது. சுரூபத்தில் அவள் எழுதியது முகம் மட்டும்தானே என்று தோன்றியது.

7

துணி போர்த்தியாயிற்று. இப்போது ஒரு தொழில் சிக்கல். ஊதாத் துணிக்குள் நுழைந்து நின்றால் வெளிச்சமும் ஊதா. அதில் கலக்கும் மேனி நிறம் வெளியே வந்தால் பிணம் மாதிரி இருக்கும். ஆகவே டெல்பின் நிறத்தை வாசல் வெயிலில் கலந்து மூடி எடுத்துக்கொண்டாள். உள்ளே வெள்ளை விளக்கு ஒன்றைக் கட்டினாள். கன்னத்துப் புகையை ஈரப் பஞ்சால் துடைத்தாள். முகத்துக்கு முகம் நின்றாள். பிரஷ்ஷில் மேனி நிறம். ஏறிய புருவத்தின் மேல் ஒரு இழுப்பு, கீழே கறுப்பில் ஒரு கோடு. அவ்வளவு செய்தால் போதும். ஜைத்தூன் போய்விடுவாள், யாருடைய சாயலும் இல்லாத மாதா வந்துவிடுவாள்.

கை எழவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மதிய நேரம், கோவிலில் வேறு யாரும் இல்லை.

"தங்கச்சி."

"அண்ணே! உள்ளயா வந்தீங்க?"

"எல்லாத்துக்கும் துணி போட்டிருக்கே. இப்ப உள்ள வர எனக்கு லேசா இருக்கு."

(இந்த வரிக்காகத்தான் இந்தக் கதையை நான் கைவிடாமல் வைத்திருந்தேன். வருஷத்தில் இரண்டு வாரம் அந்தக் கோவிலில் உருவமே கண்ணில் படாது.)

அல்ஷிஃபா பின்னால் வந்து பெஞ்சில் உட்காரும் சத்தம். தாள் சுருள் விரியும் சத்தம்.

"பிள்ளை கேட்டுச்சுல்ல, எனக்கு என்ன இருக்குன்னு," என்றார் நசுருதீன். "எங்க நபிநாயகத்தை நாங்க படமா எழுதறதில்ல. எப்படி இருந்தாங்க, எப்படி நடந்தாங்க, எப்படித் திரும்பிப் பாத்தாங்கன்னு வார்த்தையா எழுதி, நடுவுல வட்டம் போட்டு, பிறை போட்டு, சுவத்துல மாட்டுவாங்க. அந்த வட்டத்துக்குள்ள என் பொண்டாட்டிய வைக்க மாட்டேன், அது அடுக்காது. சாதா வரியாத்தான் எழுதியிருக்கேன். எழுத்து அரபி, பேச்சு நம்ம தமிழு. படிக்கிறேன், கேளுங்க."

உச்சியில் பிஸ்மில்லாஹ். பிறகு அவர் படித்தார். அவரது நடை, என் நடை அல்ல:

"ஜைத்தூன் பீவி நடுத்தர உயரம். படி தாண்டும்போது முந்தானையை இடது கையால் பிடிப்பார். சிரித்தால் சத்தம் வராது, தோள் குலுங்கும். காலையில் முதல் பேச்சு கரகரப்பாக இருக்கும். கோபம் வந்தால் அதிகமாகச் சோறு போடுவார். புருவம் இரண்டும் ஒரே மட்டம், படுக்க வைத்த அலிஃப் போல."

துணிக்குள் டெல்பின் சுரூபத்தைப் பார்த்தாள். சோறு போட்டதும் தோள் குலுங்கியதும் உண்மை. கடைசி வரி மட்டும் எதிரே நின்ற முகத்தோடு ஒட்டவில்லை.

"இல்லத்தா," என்றாள் அல்ஷிஃபா. "இடது புருவம் ஏறும்."

"ஏறாதும்மா. முப்பது வருஷம் பாத்திருக்கேன்."

"டெல்பின் அத்தை நம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஏறும். நீங்க அப்ப எழுதிக்கிட்டு இருப்பீங்க."



"எனக்கு ஏத்திக் காட்டினதே இல்லயே," என்றார் நசுருதீன். வருத்தமா கேலியா என்று பிரிக்க முடியாத குரல்.

டெல்பின் மறுபடி அந்தப் புருவத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் ஜைத்தூன் முகத்தை எழுதிவிட்டோம் என்று குற்ற உணர்வில் இருந்தாள். எழுதியது, தன்னைக் கண்டதும் ஜைத்தூனுக்கு வந்த முகத்தை. அதை இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் கொடுத்திருந்தாள் அந்தப் பாவி.

"தங்கச்சி, எவ்வளவு ஏறும்?"

"எப்படிண்ணே சொல்றது?"

"ஒரு புள்ளியா? ரெண்டா?"

அவள் பிரஷ்ஷின் நுனியை வைத்து அளந்தாள். "அரைப் புள்ளி."

தாளின் அடியில் அவர் ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார். ஏன் விட்டார் என்று அவருக்கே தெரியாது (எனக்குத் தெரியும், ஆனால் அது கதை எழுதுகிறவனின் சூது). அலிஃப் வரியைத் துடைக்கவில்லை. பெஞ்சில் தாளை விரித்து, மைக்கூட்டைத் திறந்து, கலத்தை ஊன்றினார். கலம் தாளில் கிறீச்சிடுவது துணிக்குள் கேட்டது. எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: "டெல்பினைக் கண்டால் மட்டும் இடது புருவம் அரைப் புள்ளி ஏறும்."

அல்ஷிஃபா அழுதாள். "இது போதும் அத்தா," என்றாள். பிறகு, "போதாது. ஆனா வச்சுக்கிறேன்," என்றாள்.

"அண்ணே," என்றாள் டெல்பின். "அன்னிக்கு 'மாத்துறதுக்கு முன்னாடி'ன்னு நிறுத்துனீங்க. துணியை ஓரமாத் தூக்கட்டா? ஒரே ஒரு தடவை."

இங்கே மூன்று பிரதி எழுதினேன். ஒன்றில் அவர் பார்க்கிறார். ஒன்றில் கோபமாகத் திரும்பிப் போகிறார். மூன்றாவதில் துணியின் விளிம்பு வரைக்கும் கை வந்து, விரல் துணியில் பட்டு, நின்றது. மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன்.

"வேணாம் தங்கச்சி. பாத்துட்டா இனிமே இதுதான் நிக்கும். எங்கிட்ட இருக்கிறவ போயிடுவா." கையை எடுத்துக்கொண்டார். "மாத்தணும்னுதான் இப்பவும் எனக்கு இருக்கு. ஆனா அது எனக்குக் காட்டின மொகம் இல்ல, உங்களுக்குக் காட்டினது. அழிங்கன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நீங்க பாத்துக்குங்க."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. டெல்பின் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றாள்.

8

இப்போது என் வேலை சிக்கலாகிவிட்டது.

அவள் புருவத்தை இறக்கினாள் என்று முடிக்கலாம். அவரது நம்பிக்கையை அவள் மதித்தாள், முகம் எழுத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. நியாயமான முடிவு. [எழுதினேன். மூன்று வருஷம் அவளோடு இருந்த ஒரே முகத்தை அவள் கையாலேயே அழிக்க வைத்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.]

விட்டுவிட்டாள் என்றும் முடிக்கலாம். மண்டியிடுகிறவர்களுக்கு அது மாதா, டெல்பினுக்கு ஜைத்தூன். அன்பான முடிவு. [எழுதினேன். தரையில் பட்ட அந்த நெற்றி ஞாபகம் வந்தது. அதையும் கிழித்தேன்.]

(வருஷத்துக்கு ஒரு தடவை புருவத்தை இறக்கி, மறுபடி ஏற்றி என்று நடுவாந்தரமாக ஒரு யோசனையும் வந்தது. அப்படி ஒரு யோசனை வந்ததை நீங்கள் மறந்துவிடுங்கள்.)

ஆகவே நான் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பாஸ்காத் திருவிழிப்பு. கோவில் நிறையக் கூட்டம். 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கியதும் மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கின்றன. அந்தக் கோவிலில் அப்போதுதான் துணியை இழுப்பது வழக்கம். டெல்பின் கடைசி வரிசையில், தூணை ஒட்டி நிற்கிறாள். வீட்டில் அல்ஷிஃபாவின் கட்டிலுக்கு மேல் அந்தத் தாள் சட்டமிட்டுத் தொங்குகிறது. நசுருதீன் மணிச்சத்தம் கேட்டு மைக்கூட்டை மூடுகிறார்.

ஆஸ்டின் சாமி கயிற்றைப் பிடித்துவிட்டார். துணி இறங்குகிறது.

நான் மாதாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று திரும்பி டெல்பினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிர்ந்தாள். அவளுடைய இடது புருவம் அரைப் புள்ளி ஏறியது.

எதிரே தன் சிநேகிதி நின்றதால் ஏறியதா, அவள் இல்லாத இடத்தைப் பார்த்து ஏறியதா? நீங்கள் மாதாவின் பக்கம் பார்த்தபடிதானே நிற்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள்.